இடப்பக்கம் திரும்பிய நிலா

அறிவியல் டீச்சருக்குக் குரல் போனதற்கு முழுமுதற் காரணம் அவருடைய கணவர்தான். அந்த ஆரம்பப் பள்ளியில் இதைப் பற்றி யாருக்கும் இரண்டாவது கருத்து கிடையாது.

சனிக்கிழமை பள்ளி மைதானத்தில் நீல அணிக்கும் மஞ்சள் அணிக்கும் கால்பந்துப் போட்டி. மஞ்சள் அணிக்குப் பொறுப்பு டீச்சர். நடுவர், விளையாட்டு ஆசிரியரான அவருடைய வீட்டுக்காரர். கழுத்தில் எந்நேரமும் விசில் தொங்குவதால் பிள்ளைகள் அவருக்கு 'விசில் சார்' என்று பெயர் வைத்திருந்தார்கள். ஆட்டத்தின் நடுவில் மஞ்சள் அணி மேல் அவர் ஒரு ஃபவுல் கொடுத்தார். கோட்டுக்கு வெளியே நின்ற டீச்சர், "அது ஃபவுலே இல்ல!" என்று கத்த ஆரம்பித்தவர், ஆட்டம் முடிகிறவரை நிறுத்தவில்லை. மறுநாள் காலையில் கணவரை எழுப்பலாம் என்று வாயைத் திறந்தால் வெறும் காற்றுதான் வந்தது.

டாக்டர் டார்ச் அடித்துத் தொண்டையைப் பார்த்துவிட்டு, "மூச்சு விடலாம், பேசக் கூடாது. கிசுகிசுன்னு பேசறது அதைவிட மோசம்" என்றார். பக்கத்தில் நின்ற விசில் சார் முகத்தை ரொம்பக் கவலையாக வைத்துக்கொள்ளப் பாடுபட்டார். பாடு பலிக்கவில்லை.

திங்கட்கிழமை காலையில்தான் வினை. அன்றைய காலை வணக்கக் கூட்டத்தில் பேச வேண்டியவர் டீச்சர். 'மாதமும் வாரமும் எப்படி வந்தன?' என்று அறிவிப்புப் பலகையில் பெரிய டீச்சர், அதாவது தலைமையாசிரியை, தன் கையாலேயே எழுதி வைத்திருந்தார். போதாக்குறைக்கு மைக் ரிப்பேருக்குப் போயிருந்தது. பெரிய டீச்சர் ஆசிரியர் அறையை ஒரு சுற்றுப் பார்த்தார். கணக்கு சார் அவசர அவசரமாக ஷூ கயிற்றைக் கட்டக் குனிந்தார். அவர் போட்டிருந்தது செருப்பு.

"மைதானம் பூராவும் கேக்கற குரல் இங்க ஒருத்தருக்குத்தான் இருக்கு" என்றார் பெரிய டீச்சர்.

விசில் சார் பின்னால் திரும்பிப் பார்த்தார். பின்னால் சுவர்தான் இருந்தது.

டீச்சர் தலையில் கைவைத்துக்கொண்டார். எத்தனை நாளாக ஒத்திகை பார்த்த பேச்சு! அதை, நிலா எந்தப் பக்கம் உதிக்கும் என்று கேட்டால் 'மாடிப் பக்கம்' என்று சொல்கிற மனிதரிடம் கொடுப்பதா? வேறு வழியும் இல்லை. கணவரை மூலைக்கு இழுத்துப் போனார். மேஜை விளக்கைப் போட்டார். அது சூரியன். ஒரு டென்னிஸ் பந்தை அவர் கையில் திணித்தார். அது நிலா. அவர் தலையைத் தொட்டார்.

"புரியுது, இது பூமி" என்றார் விசில் சார். "உள்ள ஒண்ணும் இல்லன்னு சொல்ல மாட்டியே?"

டீச்சர் முறைத்துவிட்டு, டாக்டர் சொன்னதைக் காற்றில் விட்டு அவர் காதில் கிசுகிசுத்தார். பந்தை நீட்டிப் பிடித்தபடி நின்ற இடத்திலேயே சுற்றினால், வெளிச்சம் விழுகிற பக்கம் வளர்ந்து தேய்வது தெரியும். நாலு தடவை திரும்பினால் ஒரு முழுச் சுற்று. அதுதான் மாதம். விசில் சாரின் முகம் மலர்ந்தது.

"நாலு தடவை திரும்பறதா? அட, இது நம்ம டிரில்! இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"இடது பக்கம்" என்று டீச்சர் காற்றாகச் சொன்னார். ஆனால் அவர் அதற்குள் பந்துக் கூடையைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்கு ஓடியிருந்தார்.

வெயில் அப்போதுதான் எதிர் வரிசைக் கட்டிடங்களுக்கு மேலே ஏறி மைதானத்தில் சாய்வாக விழுந்துகொண்டிருந்தது. ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்புவரை வரிசை வரிசையாகப் பிள்ளைகள். விசில் சார் மேடையில் ஏறவில்லை. பன்னிரண்டு பேரை முன்னால் அழைத்து ஆளுக்கொரு பந்து கொடுத்தார்.

"பந்து கெடைக்காதவங்க கையை மூடி முஷ்டியா வெச்சுக்கோங்க. அதான் உங்க நிலா. எல்லாரும் சூரியன் இருக்கற பக்கமா திரும்பி நில்லுங்க. சூரியனைப் பாக்காதீங்க, கண்ணு போயிடும். நிலாவை முன்னாடி நீட்டுங்க. உங்க பக்கம் வெளிச்சமா இருக்கா, இருட்டா இருக்கா?"

"இருட்டு சார்!"

"அதான் அமாவாசை! நிலா எங்கயும் போகல. வெளிச்சம் அந்தப் பக்கம் விழுது, அவ்வளவுதான்."

பிள்ளைகளின் வரிசையில் ஓர் 'ஓ' எழுந்து அடங்கியது. மேடையோரம் நின்ற டீச்சருக்கு ஆச்சரியம். பரவாயில்லையே மனிதர்! அந்த ஆச்சரியம் ஒரு மூச்சுக்குத்தான் நீடித்தது.

"வலப்பக்கம்... திரும்பு!"

பள்ளி மொத்தமும் டக்கென்று வலப்பக்கம் திரும்பியது. டீச்சர் கைகளை வீசினார். கணவர் பார்க்கவில்லை. "பாருங்க, நிலா வளருது!" என்று அவர் முழங்க, முதல் வரிசையிலிருந்து ஒரு பெண் கையைத் தூக்கினாள். இரண்டாம் வகுப்புக்காரி. எதற்கெடுத்தாலும் ஏன், ஏன் என்று கேட்பதால் அவளுக்கு 'ஏன்பாப்பா' என்றே பெயர்.

"சார், வெளிச்சம் இடது பக்கம் இருக்கு. ஆனா வளர்பிறைல வலது பக்கம்தான் வெளிச்சமா இருக்கும். எங்க மாடிலேர்ந்து பாத்திருக்கேன். ஏன் சார் நிலா பின்னாடி போவுது?"

விசில் சார் பந்தைப் பார்த்தார். சூரியன் இருந்த திசையைப் பார்த்தார். அடுத்த திருப்பத்துக்கு வாயைத் திறந்துவிட்டார். இதற்குமேல் டீச்சரால் பொறுக்க முடியவில்லை. ஓடிப்போய் அவர் மார்பில் தொங்கிய விசிலைப் பற்றி ஓங்கி ஊதினார். விசில் கயிறு இன்னும் அவர் கழுத்தில் இருந்ததால், ஊதலோடு சேர்ந்து அவர் தலையும் மனைவியின் தோள்வரை வந்தது. இருநூறு பிள்ளைகளும் வாய்விட்டுச் சிரித்தார்கள். இரண்டு நாளாகக் குரலில்லாமல் தவித்தவருக்கு அந்தச் சத்தம் உச்சந்தலைவரை ஜில்லென்று ஏறியது. என்ன சுகம்! இன்னொரு தடவை ஊதினார், சும்மா.

பிறகு இடது கையை நீட்டிக் காட்டினார்.

"மன்னிக்கணும்" என்றார் விசில் சார், கயிற்றிலிருந்து தலையை உருவிக்கொண்டே. "நிலா இடது பக்கமாத்தான் போகுமாம். எனக்கு ஃபவுல் குடுத்துட்டாங்க. எல்லாரும் பழைய எடத்துக்கு வாங்க!"

அதற்குப் பிறகு விசில் டீச்சரிடமே இருந்தது. ஒரு ஊதல்: இடப்பக்கம் திரும்பினார்கள். பந்துகளின் வலது பாதி வெயிலில் மின்னியது. "அரை நிலா!" இன்னொரு ஊதல்: வெயில் முதுகில். இப்போது பந்து முழுக்க வெளிச்சம். "பௌர்ணமி!" என்று பிள்ளைகளே கத்தினார்கள்.

"சார், என் நிலாவைக் காணோம்!" என்று ஒரு குண்டுப் பையன் அலறினான். அவன் தலை நிழல் பந்தின்மேல் விழுந்திருந்தது.

டீச்சர் அவன் கையைப் பிடித்துக் கொஞ்சம் மேலே தூக்கிவிட்டுக் கணவரைப் பார்த்துத் தலையைத் தட்டிக் காட்டினார். இந்தத் தடவை அவருக்குச் சட்டென்று பிடிபட்டது.

"டேய், உனக்கு வந்தது சந்திர கிரகணம்டா! பூமியோட நிழல் நிலா மேல விழுந்துடுச்சு. எப்பவும் விழாது, ஏன்னா நிலா பெரும்பாலும் கொஞ்சம் மேலயோ கீழயோ போயிடும்."

மூன்றாவது ஊதல், மறுபடி அரை நிலா. இப்போது வெளிச்சம் இடது பக்கம். நான்காவது, மறுபடி அமாவாசை.

"இந்த ஒரு சுத்துக்கு இருபத்தொன்பதரை நாள் ஆகும். கடிகாரம் இல்லாத காலத்துல ஜனங்க வானத்தைப் பாத்தாங்க. நிலா மறைஞ்சு, வளர்ந்து, தேய்ஞ்சு, மறுபடி மறைஞ்சா ஒரு மாசம். அதனாலதான் நம்ம பாஷைல திங்கள்னா நிலா, திங்கள்னா மாசம். ரெண்டுக்கும் ஒரே பேரு!"

பிள்ளைகளுக்கு அது காதில் விழவே இல்லை. "இன்னொரு மாசம் சார்! இன்னொரு மாசம்!" என்று குதித்தார்கள். டீச்சர் ஊதினார். இன்னொரு மாதம் போனது. இன்னும் கொஞ்சம் வேகமாக ஊதினார், இன்னொன்று. மைதானம் முழுக்கப் பந்துகளும் முஷ்டிகளும் சுழன்றன. ஒன்றாம் வகுப்பில் அரை வருடம் முடிவதற்குள் பாதிப் பேர் தலைசுற்றித் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். இசை டீச்சரும் சுற்றினார். கணக்கு சார், தான் சுற்றவில்லை என்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டு சுற்றினார். பெரிய டீச்சர் மட்டும் மேடையில் கைகட்டி நின்றார். அவர் முகத்தைப் பார்த்ததும் டீச்சருக்கு ஊதல் பாதியில் நின்றது.

"பன்னெண்டு மாசம் சேந்தா ஒரு வருஷம்தானே?" என்று விசில் சார் அடுத்ததற்குத் தாவினார். "அங்கதான் சிக்கல்!"

பந்து வைத்திருந்த பன்னிரண்டு பேரையும் ஓட்டப்பந்தயக் கோட்டில் தலைக்குக் கால் முட்டும்படி வரிசையாகப் படுக்கச் சொன்னார். முதல் ஆளின் கால் தொடக்கக் கோட்டில். கடைசி ஆளின் தலைக்கு முன்னால் கொஞ்சம் இடம் விட்டு, சுண்ணாம்பால் ஒரு முடிவுக்கோடு போட்டார்.

"சூரியனை வெச்சு எண்ணினா வருஷத்துக்கு முன்னூத்து அறுபத்தஞ்சு நாள். அதான் இந்தக் கோடு. பன்னெண்டு நிலா மாசம் சேத்தா முன்னூத்து அம்பத்து நாலுதான் வருது. பதினொரு நாள் எட்டல. அப்படியே விட்டா என்ன ஆகும்? மழை மாசம்னு பேரு வெச்ச மாசம், ஒவ்வொரு வருஷமா நகந்து நகந்து, வெயில் காலத்துல வந்து நிக்கும்."

"குடையோட நிக்கும்!" என்று யாரோ கத்த, படுத்திருந்த மாதங்கள் குலுங்கிச் சிரித்தன.

"சில ஊர்க்காரங்க, நகந்தா நகரட்டும், எங்களுக்கு நிலாதான் முக்கியம்னு விட்டுட்டாங்க. சிலர் ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒருக்கா ஒரு மாசத்தைக் கூடுதலா சேத்துக்கிட்டாங்க. நம்ம சுவத்துல மாட்டியிருக்கற காலண்டர்காரங்க என்ன செஞ்சாங்க தெரியுமா? மாசங்களா, கொஞ்சம் நீண்டு படுங்க!"

பதினோரு பேர் கால்விரலை நீட்டிக் கையைத் தலைக்குமேல் தூக்கி நெளிந்தார்கள். வரிசை நெளிந்து நெளிந்து கோட்டைத் தொட்டது. "முப்பது, முப்பத்தொண்ணுன்னு இழுத்து நீட்டிட்டாங்க. அதுக்கப்புறம் மாசம் நிலா சொல்றதைக் கேக்கறதில்ல. பேரு மட்டும்தான் மிச்சம்." இரண்டாவதாகப் படுத்திருந்தவள் எல்லோரிலும் குட்டி. அவள் நீளாமல் முழங்காலை இன்னும் மடக்கிக்கொண்டாள். "நான் பிப்ரவரி" என்றாள் கம்பீரமாக.

கைதட்டல் ஓய நேரம் பிடித்தது. முதல் மணியும் அடித்துவிட்டது. பெரிய டீச்சர் அசையவில்லை. சரி, முடித்துக்கொள்ளலாம் என்று டீச்சர் சைகை காட்டும்போது, ஏன்பாப்பாவின் கை மறுபடி மேலே போனது.

"சார், நாளு சூரியனால வந்துச்சு. மாசம் நிலாவால வந்துச்சு. வாரம் யாரால வந்துச்சு?"

விசில் சார் மனைவியைப் பார்த்தார். டீச்சர் அவர் காதருகே போய்ச் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல விசில் சார் உரக்க ஒப்பித்தார்.

"அமாவாசைலேர்ந்து அரை நிலா வர ஏழு நாளுக்குக் கொஞ்சம் கூட ஆகும். அதைப் பாத்து ஏழுன்னு வெச்சிருக்கலாம்னு சிலர் சொல்றாங்க... வெறுங்கண்ணால பாத்தா வானத்துல எடம் மாறிக்கிட்டே போறது ஏழு. சூரியன், நிலா, செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, சனி. நாளுக்கு ஒண்ணுன்னு அந்தப் பேரை வெச்சாங்க... ஆனா வாரம் முடியுதுன்னு வானத்துல எந்த அடையாளமும் வராது. சில ஊர்ல சந்தைக்குச் சந்தை எட்டு நாள் வெச்சாங்க. சில ஊர்ல பத்து நாள் வெச்சாங்க. வாரத்தை வெச்சது..." அவர் ஒரு நொடி நிறுத்தினார். "மனுஷங்க."

ஏன்பாப்பா யோசித்தாள். மைதானமே அவளோடு யோசித்தது.

"அப்போ நாம மாத்தலாமா?"

அவ்வளவுதான். அடைமழை மாதிரி இரைச்சல் பிடித்துக்கொண்டது. "ரெண்டு ஞாயிறு!" "திங்கக்கிழமை வேணாம்!" "தினமும் சனி!" டீச்சர் விசிலை ஊதினார். அந்த இரைச்சலில் விசிலே கேட்கவில்லை. மேடையிலிருந்து பெரிய டீச்சர் இறங்கி வருவது தெரிந்தது. ஒவ்வொரு படியாக. டீச்சர் விசிலை வாயிலிருந்து எடுத்தார். இன்றோடு காலைப் பேச்சு என்கிற வழக்கத்துக்கே பெரிய டீச்சர் முழுக்குப் போட்டுவிடுவார் என்று தோன்றியது.

பெரிய டீச்சர் வந்து கையைத் தூக்கினார். அமைதி.

"மாத்தலாம்" என்றார்.

யாருக்கும் நம்ப முடியவில்லை. விசில் சாருக்குக்கூட.

"ஒவ்வொரு வகுப்பும் இன்னிக்கு என்ன கிழமைன்னு உங்களுக்குள்ள பேசி முடிவு பண்ணுங்க. நீங்க சொல்றதுதான் கிழமை. அதுபடி நடந்துக்கலாம்."

வகுப்புகள் தலையோடு தலை முட்டிக் கூடிப் பேசின. இரண்டாம் வகுப்பு ஞாயிறு என்றது. மூன்றாம் வகுப்பு, ஓவிய டீச்சர் வருகிற சனி. நான்காம் வகுப்பு, விளையாட்டு வகுப்பு இருக்கிற புதன். ஐந்தாம் வகுப்பு, கடைசி மணியில் கதை கேட்கிற வெள்ளி. ஒன்றாம் வகுப்புக்காரர்கள் ரொம்ப நேரம் பேசிவிட்டு, "எங்களுக்குப் பிறந்தநாள்" என்றார்கள். யாருக்கு என்று கேட்டதற்கு, "எல்லாருக்கும்" என்றார்கள்.

"நல்லது" என்றார் பெரிய டீச்சர். "ஞாயித்துக்கிழமைக்காரங்க வீட்டுக்குப் போகலாம்."

இரண்டாம் வகுப்பு கூச்சலிட்டபடி கேட்டுக்கு ஓடியது. காவலாளி குறுக்கே நின்றார். "இன்னிக்குத் திங்கக்கிழமை. சாயங்காலம்தான் கேட்டு தெறக்கும்."

"எங்களுக்கு ஞாயிறு!"

"எனக்கு ஞாயிறா இருந்தா நான் ஏன் இங்க நிக்கறேன்? தூங்கிட்டு இருப்பேனே!"

அந்தக் கூட்டத்தில் நின்ற ஒரு பையனுக்கு அப்போதுதான் உறைத்தது. "எங்க அம்மா, அப்பா ரெண்டு பேரும் ஆபீஸ் போயிட்டாங்க. அவங்க இன்னும் திங்கக்கிழமைலதான் இருக்காங்க. வீடு பூட்டியிருக்கும்டா!"

மைதானத்தின் மறுபக்கம் புதன்கிழமைக்காரர்கள் பந்தை எடுத்துக்கொண்டு ஆடப் போனார்கள். எதிரணி இல்லை. எதிரணி எப்போதும் ஐந்தாம் வகுப்பு. அவர்களோ வெள்ளிக்கிழமையில் உட்கார்ந்து, கதை சொல்கிற நூலக டீச்சருக்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள். அவர் வரவில்லை. அவருக்கும் திங்கள். ஓவிய டீச்சர் பள்ளியிலேயே இல்லை. சமையல்கார அக்கா சமையலறை வாசலில் வந்து நின்று, "ஞாயித்துக்கிழமைன்னா நான் சமைக்க மாட்டேன். ரெண்டாங் கிளாசுக்குச் சாப்பாடு கெடையாதா டீச்சர்?" என்று கேட்டார். பிறந்தநாள்காரர்கள் ஒருவருக்கொருவர் வாழ்த்துச் சொல்லி முடித்துவிட்டு, பரிசு எங்கே என்று கேட்டுத் திரிந்தார்கள். கணக்கு சார் ஒவ்வொரு வரிசையாகப் போய், "இது எந்தக் கிழமை? இங்க கணக்கு உண்டா?" என்று விசாரித்தார். எந்தக் கிழமையிலும் கணக்கு இருப்பதாகத் தெரியவில்லை.

டீச்சருக்குச் சிரிப்புப் பொங்கியது. தொண்டையில் சத்தம் இல்லாததால் சிரிப்பு தோளிலும் வயிற்றிலும் குலுங்கி, கண்ணீராக வழிந்தது. பக்கத்தில் நின்ற கணவரின் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். பிடித்திருக்காவிட்டால் கீழே உட்கார்ந்திருப்பார்.

"உன் பேச்சு நல்லா போவுது" என்றார் விசில் சார்.

கேட்டிலிருந்து இரண்டாம் வகுப்பு தொங்கிய முகத்தோடு திரும்பி வந்தது. ஏன்பாப்பா நேரே பெரிய டீச்சரிடம் போனாள்.

"டீச்சர், ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு கெழமைல இருந்தா யாரையும் பாக்கவே முடியல. எல்லாரும் ஒரே கெழமைல இருக்கலாம்."

"இருக்கலாமே. எதுல?"

பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பெயரைச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. கடைசியில் கிரகணம் பிடித்த அந்தக் குண்டுப் பையன் மெல்லச் சொன்னான். "வெளிய எல்லாரும் திங்கள்லதானே இருக்காங்க? நாமளும் அங்கேயே போயிடலாம்."

"சம்மதம்னா கையைத் தூக்குங்க" என்றார் பெரிய டீச்சர்.

கைகள் தூக்கப்பட்டன. பந்துகளும் தூக்கப்பட்டன. காவலாளியும் தூக்கினார். பெரிய டீச்சர் தன் வாழ்நாளில் முதன்முறையாக, கூட்டம் முடியும் முன்பே சிரித்துவிட்டார். "இன்று திங்கட்கிழமை!" என்று அவர் அறிவித்ததும் பள்ளி முழுவதும் ஆரவாரம் செய்த சத்தத்தில், பக்கத்துத் தெருவில் போன ஒருவர் சைக்கிளை நிறுத்தி, யார் ஜெயித்தது என்று கேட்டுவிட்டுப் போனார்.

முதல் பாடவேளை முழுசாகப் போயிருந்தது. கணக்கு சாரின் பாடவேளைதான். அவர் அதைப் பற்றிக் குறைசொல்ல வாயெடுத்து, பெரிய டீச்சரின் சிரித்த முகத்தைப் பார்த்துவிட்டு அப்படியே விழுங்கிக்கொண்டார்.

டீச்சர் நான்காம் வகுப்புக்குப் போனார். பள்ளியிலேயே அதிகமாகச் சத்தம் போடுகிற வகுப்பு அது. பழக்க தோஷத்தில் "உக்காருங்க" என்று வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. முதல் பெஞ்சில் இருந்த பெண் பின்னால் திரும்பி, அதே காற்றுக் குரலில், "உக்காரச் சொல்றாங்க" என்றாள். அது பெஞ்சுக்குப் பெஞ்சு கிசுகிசுவாகவே போய்க் கடைசிச் சுவரைத் தொட்டது. எல்லோரும் சத்தமில்லாமல் உட்கார்ந்தார்கள். கேள்வியும் கிசுகிசு, பதிலும் கிசுகிசு. பென்சில் கீழே விழுந்தால், விழுந்த பென்சிலிடம் 'உஷ்' என்றார்கள்.

அறை காலியாகிவிட்டதோ என்று சந்தேகப்பட்டுக் கணக்கு சார் பக்கத்து வகுப்பிலிருந்து எட்டிப் பார்த்தார். நாற்பது பேர் விரலை உதட்டில் வைத்து அவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அவரும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, நுனிக்காலில் திரும்பிப் போனார்.